குன்னூரில் மாலை நேர டீ வண்டி: இடம், நாள் கணக்கு, அனுமதி

கேள்வி: குன்னூரில் மாலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை டீ, பஜ்ஜி வண்டி போடலாம் என்று நானும் என் மனைவியும் நினைக்கிறோம். கூடவே பழச்சாறும் வைக்கலாமா? சிம்ஸ் பூங்கா பக்கம் நிறுத்தினால் சுற்றுலாக் கூட்டம் கிடைக்கும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றால் கட்டுப்படியாகும்? நகராட்சியில் என்ன அனுமதி வாங்க வேண்டும்?

பதில்:

பழச்சாற்றை விட்டுவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் இந்த ஊரில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலில் ஜூஸ் போகும். நீங்களோ நான்கு மணிக்குத்தான் வண்டியைத் திறக்கப் போகிறீர்கள். மிக்சிக்கு மின்சாரம் வேண்டும், பழம் அழுகும், தோலைத் தேடிக் குரங்கு வரும். டீயும் பஜ்ஜியும் போதும்.

மலையில் பதினான்கு ஆண்டுகள் வண்டி தள்ளியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை குன்னூரைத்தான் நேராகத் தாக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயில் ரத்தாகும், வெளியூர் வண்டி ஒன்றுகூட மேலே வராது. அந்த நாளில் உங்களிடம் டீ குடிக்க யார் இருப்பார்கள் என்று யோசித்து இடம் பிடித்தால் மே மாதம் தானாக நன்றாக ஓடும். மே மாதக் கூட்டத்தைப் பார்த்து இடம் பிடித்தவர்கள் ஜூலையில் வண்டியை விற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சிம்ஸ் பூங்காவை நான் வேண்டாம் என்பது இதனால்தான். பூங்கா மாலையில் மூடிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் நிற்பவர் குறைவு. பூங்காவுக்கு வருகிறவர்கள் பகலில் வருகிறவர்கள்; நீங்கள் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் அவர்கள் ஊட்டிக்கோ விடுதிக்கோ திரும்பிக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் முறையும் வந்துவிட்டது. 2024 மே மாதத்தில் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. வெளியூர்க் கூட்டத்தை மட்டும் நம்பினால் உங்கள் கல்லாவின் சாவி வேறொருவர் கையில் இருக்கும்.

மாலையில் குன்னூரில் நிற்கிறவர்கள் யார்? பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். கொலக்கம்பை, சேலாஸ், உலிக்கல், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள். மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு மூட்டையோடு நிற்கிறவர்கள். வேலை முடிந்த கடைப் பையன்கள். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள். ஷிப்டு மாறும் ஓட்டுநர்கள். மழை பெய்தாலும் இவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே கீழ்க் குன்னூரில், பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து போகிற பாதைகளைப் பாருங்கள். பெட்ஃபோர்டு பக்கம் இரண்டாவது தேர்வாக இருக்கட்டும்.

பார்ப்பது என்றால் கண்ணால் பார்த்துவிட்டு வருவது போதாது. மூன்று மாலைகள் அங்கே நில்லுங்கள்: ஒன்று வார நாள், ஒன்று ஞாயிறு, ஒன்று மழை நாள். ஐந்தரை மணி முதல் ஆறரை மணி வரை எத்தனை பேர் கடந்து போனார்கள் என்று எண்ணுவதைவிட எத்தனை பேர் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றார்கள் என்று எண்ணுங்கள். நடக்கிறவன் டீ குடிப்பதில்லை, நிற்கிறவன்தான் குடிக்கிறான். அருகில் ஏற்கெனவே டீக்கடை இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கடையில் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை கிளாஸ் கழுவப்படுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தின் கொள்ளளவை அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

மலை ஊருக்கென்று இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, தரை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, வண்டி நிற்கப் போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் எண்ணெய்ச் சட்டியிலும் எண்ணெய் அப்படித்தான் ஒதுங்கும். பஜ்ஜி ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் மாவாக நிற்கும். அவசரத்தில் சட்டி நகர்ந்தால் கொதிக்கும் எண்ணெய் உங்கள் மனைவியின் காலில் ஊற்றும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, தாழ்ந்த பக்கம் பலகை வைத்துச் சமப்படுத்த முடிகிற இடமாக இருக்க வேண்டும். இரண்டாவது, வண்டி இரவில் எங்கே நிற்கும்? நிரப்பிய சிலிண்டர், தண்ணீர் கேன், பாத்திரம் எல்லாம் சேர்ந்த வண்டியை இருவர் ஏற்றத்தில் தள்ளுவது நாள்தோறும் செய்யக்கூடிய வேலை அல்ல. விற்கும் இடத்துக்குச் சமமான மட்டத்தில், நூறு இருநூறு அடிக்குள், நிறுத்த ஓர் இடம் பேசி முடித்த பிறகுதான் விற்கும் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

இனி நாள் கணக்கு. நான் எழுதும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. பால், பருப்பு மாவு, எண்ணெய், சிலிண்டர் விலை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்கும் விலையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டீயை ஒரு லிட்டர் பாலை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் பால், கொஞ்சம் தண்ணீர், டிக்காஷன் எல்லாம் சேர்ந்து, ஆவியாகிப் போனதும் சிந்தியதும் போக, நூறு மில்லி அளவில் 15 கிளாஸ் வரும். பால் 50 ரூபாய். டஸ்ட் தூள் 40 கிராம், கிலோ 300 என்றால் 12 ரூபாய். சர்க்கரை 150 கிராம், 7 ரூபாய். இஞ்சி, ஏலக்காய்க்கு 3 ரூபாய். ஆக 72 ரூபாய். ஒரு கிளாஸுக்கு 4 ரூபாய் 80 காசு. 12 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 7 ரூபாய் 20 காசு.

பஜ்ஜியை ஒரு கிலோ கடலை மாவை வைத்துக் கணக்கிடுங்கள். மாவு 100 ரூபாய். மொறுமொறுப்புக்கு அரிசி மாவு 200 கிராம், 10 ரூபாய். மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, சோடா மாவு 15. வாழைக்காய், பஜ்ஜி மிளகாய், வெங்காயம் 60. பஜ்ஜி குடிக்கும் எண்ணெய் 60. மொத்தம் 245 ரூபாய்க்கு 65 பஜ்ஜி வரும். ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 80 காசு. எட்டு ரூபாய்க்கு விற்றால் நான்கு ரூபாய் சில்லறை நிற்கும்.

எவ்வளவு விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு தனி. தண்ணீருக்கு 40, தட்டுக்கும் இலைக்கும் 30, வண்டி நிறுத்த 30, இடக் கட்டணம் 20, வண்டித் தேய்மானத்துக்கு எடுத்துவைக்க வேண்டிய 50, சேர்த்து 170. இரண்டாவது ஆளுக்குக் கூலி 300. உங்களுக்கு அந்த ஆள் உங்கள் மனைவிதான். ஆனாலும் அந்த 300 ரூபாயைக் கணக்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர் உழைப்பை வைத்து நஷ்டத்தை மூடிக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியாமல் போகும். 19 கிலோ சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்து, இரண்டு அடுப்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒன்பது நாள் வரும். நாளுக்கு 210 ரூபாய். வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைக்காதீர்கள், அது சட்டப்படி தவறு. பறிமுதல் ஆனால் சிலிண்டரோடு இணைப்பும் போகும்.

இதை வைத்து ஒரு சாதாரண வார நாளைப் பார்ப்போம். ஏழு லிட்டர் பால் வாங்கி 100 டீ விற்கிறீர்கள்: 1,200 ரூபாய். இரண்டு கிலோ மாவு கரைத்து 120 பஜ்ஜி விற்கிறீர்கள்: 960 ரூபாய். வரவு 2,160. பாலுக்கும் டீச் சாமானுக்கும் 504, பஜ்ஜிக்கு 490, எரிவாயு 210, நிலைச் செலவு 170, கூலி 300, மொத்தம் 1,674. மீதி 486 ரூபாய். இதில் கட்டுப்படியாகும் புள்ளி எது என்றால், 60 டீயும் 60 பஜ்ஜியும். அதுவரை விற்பது செலவுக்குச் சரியாகிவிடும்; 61-ஆவது கிளாஸிலிருந்துதான் உங்கள் வருமானம் தொடங்குகிறது. நீங்கள் எண்ணிப் பார்த்த இடத்தில் மழை நாளில் 60 கிளாஸ் போகுமா என்பதே கேள்வி.

இப்போது அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மழை வெளுத்து வாங்குகிறது. 55 டீ, 50 பஜ்ஜிதான் போயிற்று, வரவு 1,060. வழக்கம்போல ஏழு லிட்டர் பாலையும் காய்ச்சி, இரண்டு கிலோ மாவையும் கரைத்துவிட்டிருந்தால் செலவு அதே 1,674. ஒரே மாலையில் 614 ரூபாய் நஷ்டம். அதே நாளில் நான்கு லிட்டர் பாலும் ஒரு கிலோ மாவுமாகத் தொடங்கியிருந்தால் சாமான் 533, எரிவாயு 150, நிலைச் செலவு 170, கூலி 300, ஆக 1,153. நஷ்டம் 93 ரூபாய். மழை ஒன்றுதான், இரண்டு மாலைக்கும் உள்ள வித்தியாசம் கரைத்த மாவிலும் காய்ச்சிய பாலிலும் இருக்கிறது.

ஆகவே எப்போதும் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். நான்கு மணிக்குப் பாதிப் பால், பாதி மாவு. ஆறே கால் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து வானத்தையும் பஸ் வரிசையையும் பாருங்கள். வரிசை இருந்தால் அடுத்த கிலோவைக் கரையுங்கள். இல்லையென்றால் மாவு பாக்கெட்டிலேயே இருக்கட்டும், நாளைக்கு ஆகும். கரைத்த மாவு நாளைக்கு ஆகாது. பஜ்ஜி மாவு புளித்தால் எண்ணெயை அதிகம் குடிக்கும், பஜ்ஜி கையில் பிசுபிசுக்கும். ஒருமுறை தின்றவர் மறுமுறை வர மாட்டார். காய்ச்சாத பால் இந்தக் குளிரில் காலை வரை கெடாது, வீட்டுக்கும் ஆகும். மூடுபனியையும் மழையையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். பனி இறங்கினால் கூட்டம் அடுப்பைச் சுற்றிக்கொள்ளும், அன்று இரண்டாவது தவணையைத் தயங்காமல் போடலாம்.

மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு போக 28 நாளில் 18 சாதாரண நாள், 6 மழை நாள், நாளுக்கு 900 ரூபாய் நிற்கும் 4 ஞாயிறு என்று வைத்தால் உங்களுக்கு நிற்பது 11,790 ரூபாய். மனைவியின் கூலி 8,400 ரூபாயும் வீட்டிலேயே நிற்பதால் குடும்பத்துக்கு 20,190. வெளியாள் வைத்துச் செய்தால் இந்த அளவு வியாபாரம் ஒரு குடும்பத்தைத் தாங்காது. இருவரும் சேர்ந்து நிற்பதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அனுமதி விஷயத்தில் பெரும்பாலோர் தவறான முனையில் தொடங்குகிறார்கள். நகராட்சிக்குப் போய் "டீ வண்டி போட அனுமதி வேண்டும்" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த நிலம் யாருடையது என்பது. குன்னூரில் பத்து நிமிடம் நடந்தால் நான்கு உடைமையாளர்களைக் கடந்துவிடுவோம். நகராட்சிச் சாலை ஓரம் ஒன்று, தேசிய நெடுஞ்சாலை ஓரம் இன்னொன்று. ரயில் நிலையத்தின் முன்பு ரயில்வே நிலம். வெலிங்டன் பக்கம் போனால் ராணுவப் பகுதியான கன்டோன்மென்ட். மலைக்காட்சி முனைகளின் பக்கம் போனால் வனத்துறையும் ஊராட்சியும் வந்துவிடும்.

உங்களுக்குப் பாதுகாப்புத் தருவது 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம். அது நகராட்சிக்கும், பேரூராட்சிக்கும், கன்டோன்மென்ட் வாரியத்துக்கும் பொருந்தும். ரயில்வேக்குச் சொந்தமான, அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்துக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. ரயில் நிலைய வாசலில் கூட்டம் இருக்கிறது என்று அங்கே வண்டியை நிறுத்தினால், நாளைக்கு எடுக்கச் சொல்லும்போது இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. உங்கள் கையில் நகராட்சிச் சான்றிதழே இருந்தாலும் நிலைமை அதுதான். இதனாலும் நகராட்சிச் சாலைகளையே தேடச் சொல்கிறேன்.

அந்தச் சட்டப்படி வியாபாரிக்கு வேண்டியது விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும். இதற்கென்று நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு. நகராட்சி ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து, ஏற்கெனவே தெருவில் விற்பவர்களுக்குச் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் புதியவர், கணக்கெடுப்பில் பெயர் இருக்காது. அதனால் "அடுத்த கணக்கெடுப்புக்கு வாருங்கள்" என்று சொல்லப்படலாம். அங்கேயே திரும்பிவிடாதீர்கள். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலும் புதிதாக விற்க விரும்புகிறவருக்கு, அந்தப் பகுதியின் கொள்ளளவுக்கு உட்பட்டு, குழு சான்றிதழ் தரலாம் என்று நான்காம் பிரிவில் இருக்கிறது. தரலாம் என்றுதான் இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆகவே மனுவை அதற்கேற்ற மாதிரி எழுத வேண்டும்.

மனுவை ஆணையருக்கும் நகர விற்பனைக் குழுவுக்குமாக எழுதுங்கள். பொதுவாக "குன்னூரில் எங்காவது" என்று கேட்டால் அது மேசையிலேயே தூங்கும். எந்தச் சாலை, எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இடையில், வண்டி எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், மாலை நான்கு முதல் ஒன்பது வரை மட்டும், இரவில் வண்டி அங்கே இருக்காது என்று எழுதுங்கள். நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம். காலையில் ஒருவர் காய்கறி விற்கும் இடம் மாலையில் காலியாக இருக்கலாம். நேரம் பிரித்து இடம் தருவதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு கைவரைபடமும், வண்டி நின்றால் நடப்பவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நாடா பிடித்து அளந்த அளவும் இணைத்துவிட்டால், உங்கள் மனு மற்ற மனுக்களிலிருந்து தனியாகத் தெரியும். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றின் நகல்களையும் சேருங்கள். வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் நடத்துவோம், வாடகைக்கு விட மாட்டோம் என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். கொடுத்த மனுவுக்கு முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். அதற்கு முன்பாகவே, நீங்கள் கேட்கும் சாலை விற்பனை தடை செய்யப்பட்ட பகுதியா என்று வாயால் விசாரித்துவிடுங்கள். தடைப் பகுதியைக் கேட்டு மனுக் கொடுத்தால் ஆறு மாதம் வீண்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் இடக் கட்டணம் வாங்கிக்கொண்டு கிழித்துத் தரும் சீட்டு அனுமதி ஆகாது. இது எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்போது வேறோர் ஊரில் வண்டி போட்டிருந்தேன். ஒரு மாலை ஏழு மணிக்கு லாரி வந்தது. சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது. இறக்கக்கூட விடாமல் அவசரப்படுத்தினார்கள். நான் சட்டைப் பையிலிருந்து நான்கு மாதச் சீட்டையும் எடுத்துக் காட்டினேன். "இது தரைக்கு, வண்டிக்கு இல்லை" என்றார் வந்தவர். வண்டி, அடுப்பு, கரைத்த மாவு எல்லாம் ஏறிப் போயின. எழுதிய காகிதம் ஒன்றும் கையில் இல்லாததால் பதினோரு நாள் அலைந்தேன். திரும்பி வந்தபோது அடுப்பில் பர்னர் இல்லை.

பிறகுதான் தெரிந்தது: பொருளைப் பறிமுதல் செய்கிறவர் என்னென்ன எடுத்தார் என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, நகல் தர வேண்டும். கெடும் பொருளை வியாபாரி கேட்ட அன்றே, கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள், உரிய கட்டணம் கட்டியதும் திருப்பித் தர வேண்டும். இது 19-ஆம் பிரிவு. வண்டியை அப்புறப்படுத்துவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. வாக்குவாதம் செய்யாமல் "பட்டியல் எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று ஒரே வாக்கியம் கேளுங்கள். சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் நாள்வாரியாகக் கம்பியில் குத்தி வையுங்கள். அனுமதி ஆகாவிட்டாலும், நீங்கள் அங்கே வியாபாரம் செய்து வந்ததற்கு அவை சாட்சி. அடுத்த கணக்கெடுப்பில் அதுவே கை கொடுக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இதைவிட எளிது. foscos.fssai.gov.in தளத்தில் சிறு உணவு வணிகருக்கான பதிவைத் தேர்ந்து, அடையாளச் சான்றும் புகைப்படமும் ஏற்றினால் போதும். சான்றிதழை அச்செடுத்து, கண்ணாடித்தாள் ஒட்டி வண்டியில் மாட்டுங்கள். கடனுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்ததை 2025-இல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. இதற்கு விற்பனைச் சான்றிதழோ, உள்ளாட்சி தரும் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அதனால் கடனை நம்பி வண்டி வாங்கக் கிளம்பாமல், பழைய வண்டி ஒன்றில் தொடங்கிச் சான்றிதழ் கிடைத்த பிறகு கடன் கேளுங்கள்.

காகித கப் வாங்கி அடுக்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. நீலகிரியில் சோதனை கடுமை, அபராதம் ஒரு வார லாபத்தைக் கொண்டுபோய்விடும். கண்ணாடி கிளாஸ் நாற்பது வாங்குங்கள். கழுவ ஒரு வாளி, அலச ஒரு வாளி, கடைசியில் கொதிநீரில் ஒரு முக்கு. குளிரில் வரும் ஆளுக்குச் சூடான கிளாஸைக் கையில் கொடுத்தால், அவர் குடிப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். காகித கப்பில் அந்தச் சுகம் இல்லை. பார்சல் கேட்பவர்களைத் தூக்குப் பாத்திரம் கொண்டுவரப் பழக்குங்கள்.

சமவெளியில் பழகியவர்களை இந்த மலை ஏமாற்றும் இடம் அடுப்பு. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம்; இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று உடனே வடிகட்டினால் டிக்காஷன் வெளுத்துப் போகும். தூளை அதிகம் போட்டுச் சரிக்கட்டினால் உங்கள் 4 ரூபாய் 80 காசு 5 ரூபாய் 50 காசு ஆகிவிடும். தூளைக் கூட்டாமல் மூடி வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஊற விடுங்கள். தூள் நல்லதா என்று பார்க்கக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். விழுந்த உடனே நிறம் இறங்கினால் சாயம் ஏற்றியது.

எரிவாயுவும் குளிரில் தொல்லை கொடுக்கும். திரவமாக இருக்கும் வாயு ஆவியாவதற்குச் சிலிண்டரின் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் இரவில் இரண்டு அடுப்பும் முழுதாக எரிந்தால் ஏழு மணி வாக்கில் சிலிண்டரின் மேல் வியர்வைபோல் நீர் படியும், சுடர் மஞ்சளாகிச் சுருங்கும். காலியாகிவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடுவீர்கள். தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்கும். அந்த நீர்ப் படலம் நிற்கும் மட்டம்வரை உள்ளே வாயு இருக்கிறது. வெந்நீர் ஊற்றுவது, அடுப்பருகே நகர்த்துவது எல்லாம் உயிருக்கு ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சிலிண்டரை ஈரத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். முடிந்தால் இரண்டு சிலிண்டர் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அடுப்பின் மூன்று பக்கமும் தகர மறைப்பு அடியுங்கள். காற்று தின்னும் சூடு குறைந்தாலே சிலிண்டர் ஒரு நாள் கூடுதலாக வரும். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடிப்பக்கம் துளைகள் இருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

கடைசியாக, இரவில் வண்டியை மூடும்போது எண்ணெயை வடிகட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், ஒரு சொட்டும் சட்டியில் இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்துக் கரடிகளுக்கு எண்ணெய் வாசனை போதும். என் பக்கத்து வண்டிக்காரர் ஒரே ஒரு முறை டின்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். காலையில் வந்தபோது பூட்டு அப்படியே இருந்தது, பக்கத் தகரம் சுருள் சுருளாகக் கிழிந்து கிடந்தது, டின் நூறடி தள்ளித் தேயிலைப் புதருக்குள் நக்கிச் சுத்தமாக இருந்தது. மாவு மூட்டை, வெங்காயத் தோல், டீச் சக்கை எதையும் வண்டியடியில் விட வேண்டாம். சக்கையைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குங்கள். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் கொஞ்சம் கை கொடுக்கும். முதல் நாளை ஞாயிறாக வைக்காமல் ஒரு திங்களாக வையுங்கள். இரண்டு லிட்டர் பால், அரைக் கிலோ மாவு, அன்றைக்கு அவ்வளவுதான். நோட்டில் தேதி, வானிலை, வாங்கிய பால், விற்ற கிளாஸ், மீந்த பஜ்ஜி என்று ஐந்து கட்டம் போட்டு எழுதத் தொடங்குங்கள். முப்பது நாள் பக்கங்கள் நிறைந்ததும் மேலே நான் போட்ட கணக்கை அடித்துவிட்டு உங்கள் எண்களை எழுதிப் பாருங்கள்.